ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கும்போது வலது மணிக்கட்டைக் கவனியுங்கள்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் ஸ்கூட்டர் இல்லாத தெரு இப்போது அரிது. வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று அரசு மானியம் கொடுத்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்குப் பிறகு கடன் வாங்கியாவது ஒரு கியர் இல்லாத வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் நிறைய. ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பயிற்சிப் பள்ளி இருப்பதுபோல, ஸ்கூட்டருக்கு எங்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. கணவரோ தம்பியோ தோழியோதான் கற்றுத்தர வேண்டும். ஓட்டத் தெரிவது வேறு, கற்றுத்தரத் தெரிவது வேறு. நாலைந்து பேர் கற்றுக்கொண்டதைக் கூடவே இருந்து பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கற்றுத்தரப்போகிறவர்கள் முதல் நாளுக்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: சைக்கிள் ஓட்டத் தெரியுமா? தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. அவர் உடம்புக்குச் சாயும் வண்டியை நிமிர்த்தத் தெரியும். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மட்டுமே புதிது. தெரியாதவரை நேராக ஸ்கூட்டரில் உட்காரவைத்தால் சமநிலை, வேகம், பிரேக் மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கும். அவருக்கு ஒரு வாரம் சைக்கிள் கொடுங்கள். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு காலும் தரையில் படும்படி வைத்து, பெடலைத் தொடாமல் காலாலேயே தள்ளித் தள்ளிப் போகச் சொல்லுங்கள். லேடீஸ் சைக்கிள் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றபோது, அவர்களில் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் கற்றார்கள். இன்னொன்றும் அங்கே நடந்தது: கற்றுக்கொண்ட பெண்ணே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். இது ஸ்கூட்டருக்கும் பொருந்தும். பதினைந்து வருடமாகப் பைக் ஓட்டும் கணவருக்கு, தொடக்கத்தில் எது பயமாக இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும். போன வருடம் கற்றுக்கொண்ட நாத்தனாருக்கு அது நினைவிருக்கும். அப்படி ஒருவர் கிடைத்தால் அவரிடமே விட்டுவிடுங்கள்.

2. வண்டியின் உயரத்தைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதத்தின் முன்பாதியாவது தரையில் அழுந்தப் பட வேண்டும். முழுப் பாதமும் பட்டால் இன்னும் நல்லது. நுனிவிரல் மட்டும் படுகிறவர் நிறுத்தும்போதெல்லாம் சாய்ந்துவிடுவோமோ என்று பயப்படுவார், அந்தப் பயத்தில் வேறு எதுவும் மண்டையில் ஏறாது. பெரிய ஸ்கூட்டர்கள் 105 கிலோவுக்கு மேல் இருக்கும். சிறிய ரக ஸ்கூட்டர்களும் எக்ஸெல் போன்ற மொபெட்டுகளும் 90 கிலோவை ஒட்டி இருக்கும். மெலிந்த உடம்புக்காரருக்கு அந்தப் பதினைந்து கிலோ வித்தியாசம் பெரிது. வீட்டில் பெரிய வண்டிதான் இருக்கிறதென்றால், முதல் சில நாட்களுக்கு மட்டும் சொந்தக்காரரின் சின்ன வண்டியைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. கணவரின் கியர் பைக்கில் தொடங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

3. இடம் தேடுவதற்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். குறைந்தது அறுபது தப்படி நீளம், இருபது தப்படி அகலம் வேண்டும். சுற்றிலும் சுவர், கிணறு, வாய்க்கால், கம்பி வேலி இருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் சொல்வது ஏரிக்கரை. ஆள் நடமாட்டம் இல்லை, காற்று வரும் என்பார்கள். அது மோசமான இடம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு, நடுவில் ஒற்றைத் தடம்; கற்றுக்கொள்கிறவர் வண்டியைத் திருப்பக்கூட இடமில்லை. நெற்களம் சமமாக இருக்கும், ஆனால் அறுவடை முடிந்த கையோடு போனால் உதிர்ந்த நெல்லும் வைக்கோலும் டயரை வழுக்கச் செய்யும். களத்தைப் பெருக்கிவிட்டு, என்ஜின் போடாத பாடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பள்ளி மைதானம் நல்ல இடம்தான். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு ஞாயிறு காலை ஆறரைக்குப் போங்கள். எட்டு மணிக்குப் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு வந்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது, மனை போட்டு இன்னும் வீடு கட்டாத லேஅவுட். உத்திரமேரூரைச் சுற்றி இப்படி நிறைய இருக்கின்றன. உள்ளே அகலமான சாலை, வண்டியே வராது, மூலைகளில் திரும்பிப் பழகலாம். ஒரே ஆபத்து புல்லுக்குள் மறைந்திருக்கும் எல்லைக்கற்கள். முதல் நாள் நீங்கள் நடந்தே ஒரு சுற்று வந்து, சாலையோரக் கல் ஒவ்வொன்றின் தலையிலும் சுண்ணாம்பு தடவிவிடுங்கள். ஜல்லி சிதறிய இடத்தைப் பெருக்கிவிடுங்கள்.

4. உடை. புடவையை விடச் சுடிதார் வசதி. துப்பட்டாவை இரண்டு தோளிலும் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும், நுனி எங்கும் தொங்கக் கூடாது. புடவைதான் என்றால் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, கொசுவத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். ரப்பர் செருப்பு கழன்று போகும், பின்பக்கம் வார் வைத்த செருப்போ கேன்வாஸ் ஷூவோ போடுங்கள். ஹெல்மெட்டை மைதானத்திலும் போட வேண்டும், தாடைக்கு அடியில் பட்டையை மாட்ட வேண்டும். ஹெல்மெட் போட்டால் காது சரியாகக் கேட்காது என்பதையும் முதல் நாளே பழகிவிடலாம்.

5. முதல் நாள் என்ஜினே போட வேண்டாம். ஆசிரியர்கள் தாண்டிவிடும் பாடம் இதுதான். வண்டியின் இடது பக்கம் நின்று, இரண்டு கைப்பிடியையும் பிடித்து, மைதானத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்த அளவு சாயும்வரை கையில் தாங்குகிறது, எதற்கு மேல் தாங்காது என்பதை அவர் உடம்பே கண்டுகொள்ளும். தாங்காத அளவுக்குச் சாய்ந்துவிட்டால் வண்டியை விட்டுவிட்டு விலகச் சொல்லுங்கள். கீறல் விழுந்தால் பெயின்ட் அடிக்கலாம். காலைக் கொடுத்துத் தாங்கப் பார்த்தால் கணுக்கால் போய்விடும். மெயின் ஸ்டாண்டு போடவும் எடுக்கவும் அன்றைக்கே பழக்குங்கள். கையால் தூக்காமல் ஸ்டாண்டின் மேல் காலை வைத்து உடம்பின் எடையை இறக்க வேண்டும்.

அடுத்து, சீட்டில் உட்கார்ந்து காலால் தள்ளிப் போவது. நீங்கள் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து நடை வேகத்தில் தள்ளுங்கள். பத்து எட்டுக்கு ஒருமுறை பிரேக் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து வேலை செய்யும் பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது. அதனால் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது லீவரைப் பிடித்தாலே முன்சக்கரமும் ஓரளவு பிடிக்கும். தொடக்கத்தில் இடது பிரேக் மட்டும் போதும். அதற்குக் காரணம் அடுத்த குறிப்பில்.

6. முதல் வாரத்தில் நடக்கும் விழுதலுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வலது மணிக்கட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆக்சிலேட்டர் வலது கைப்பிடியில் இருக்கிறது. நம் பக்கம் திருப்பினால் வேகம். வண்டி எதிர்பாராமல் வேகமெடுத்தால் உடம்பு பின்னால் சாயும். விழாமல் இருக்கக் கை கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும். பின்னால் சாய்ந்த உடம்பு அந்தக் கையை இழுக்க, மணிக்கட்டு கீழே இறங்கும், ஆக்சிலேட்டர் இன்னும் திரும்பும். வேகம் கூடக்கூட உடம்பு இன்னும் சாயும். முன் பிரேக் லீவரும் அதே வலது கையில் இருப்பதால், பதற்றத்தில் விரலை நீட்டி அதைப் பிடிக்கப் போகும்போதும் கைப்பிடி சேர்ந்து திரும்பிவிடும். அப்போது ஓட்டுகிறவர் மனதில் பிரேக் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்ற எண்ணம் இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணி கற்றுக்கொண்டபோது இதைக் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது நாள், நேராகப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அண்ணன், “பிரேக்கைப் புடி, புடி!” என்று கத்தினார். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்து, மைதானத்து ஓரத்தில் இருந்த மண்மேட்டில் ஏறிச் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. “புடிச்சேங்க, நெசமாவே புடிச்சேன்” என்று அண்ணி அழுதார். அவர் சொன்னது பொய்யில்லை. வலது கையால் பிடித்தார், பிடித்த கையே ஆக்சிலேட்டரையும் திருகியது. அண்ணன் அதைப் புரிந்துகொள்ளாமல், “சொன்னா கேக்கணும்” என்று திட்டினார். இரண்டு வாரம் அண்ணி வண்டிப் பக்கமே போகவில்லை.

பிறகு அவருடைய தோழி ஒருத்தி வந்து செய்தது இதுதான். வண்டியை நிறுத்திவைத்து, என்ஜின் இல்லாமல், அண்ணியை உட்காரவைத்தாள். கைப்பிடியைப் பிடிக்கும்போது மணிக்கட்டு முழங்கையைவிடத் தாழ்ந்திருந்தது; எப்போது பிடித்தாலும் அப்படியே. புறங்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி, கையை முன்னால் உருட்டிப் பிடிக்கவைத்தாள். இப்படிப் பிடித்தால் உடம்பு பின்னால் போனாலும் ஆக்சிலேட்டர் அவ்வளவாகத் திரும்பாது. அடுத்து, அவள் கை தட்டும்போதெல்லாம் அண்ணி வலது கையை முன்னால் உருட்டி மூட வேண்டும், அதன் பிறகு இடது பிரேக்கைப் பிடிக்க வேண்டும். மூடு, பிடி. மூடு, பிடி. பேச்சு இல்லை, கைதட்டல் மட்டும். யோசிக்காமல் கை செய்கிற வரைக்கும் இதையே செய்தார்கள். அதற்குப் பிறகுதான் சாவி.

நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் வண்டி எடுக்கும் முன் ஐந்து நிமிடம் மூடு–பிடி. ஓட்டும்போது நீங்கள் பார்க்க வேண்டியது அவர் முகத்தையோ சக்கரத்தையோ அல்ல, வலது மணிக்கட்டை. அது தொங்க ஆரம்பித்தால் அன்றைக்குக் களைத்துவிட்டார் என்று அர்த்தம்; நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி போதும்.

7. என்ஜின் போட்டு முதல் ஓட்டம். இடது பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும்; பிடிக்காமல் அழுத்தினால் செல்ஃப் வேலை செய்யாது. பிறகு பிரேக்கை விட்டு, கைப்பிடியைத் துளித்துளியாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு கட்டம்வரை சத்தம் மட்டும் வரும், வண்டி நகராது. அதற்குச் சற்று மேலே போனால் நகரும். அந்த இடம் எது என்பதைக் கை தெரிந்துகொள்ள வேண்டும். நகர்ந்ததும் மூடு, பிடி. மறுபடி நகர்த்து, மூடு, பிடி. நாலு எட்டு தூரத்துக்குள் இதைப் பலமுறை செய்த பிறகு, சுண்ணாம்பில் தரையில் ஒரு கோடு போட்டு, முன்சக்கரம் கோட்டில் நிற்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். கோட்டில் நிற்கத் தெரியாதவரை நீளமாக ஓட விடாதீர்கள்.

அதன் பிறகு நீள ஓட்டம். இங்கே ஆசிரியர்கள் செய்யும் தவறு, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருப்பது. நடை வேகத்தில் இரண்டு சக்கர வண்டி ஆடத்தான் செய்யும். ஆடினால் பயம் வரும், பயம் வந்தால் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவார். மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரில் வண்டி தானாக நேராக நிற்கும். நகர்ந்ததும் இரண்டு காலையும் மேலே வைக்கச் சொல்லுங்கள். கண் முன்சக்கரத்தில் இருந்தால் வண்டி வளையும். தூரத்தில் ஒரு பனைமரத்தைக் காட்டி அதைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். நிற்கும்போது இடது கால் முதலில் இறங்கட்டும்.

8. உங்கள் வாயும் உங்கள் இடமும். வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடும். நீங்கள் ஆபத்தைப் பார்த்து, கத்தி, அது அவர் காதில் விழுந்து, கை அசைவதற்குள் பத்து மீட்டர் போய்விடும். ஆகவே ஓடும்போது கத்துவதால் எந்தப் பயனும் இல்லை, பதற்றம்தான் கூடும். சொல்ல வேண்டியதை நிறுத்திய பிறகு சொல்லுங்கள், ஒரு ஓட்டத்துக்கு ஒரு திருத்தம் மட்டும். “வா, வா” என்று வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். பக்கத்தில் ஓடிக்கொண்டே ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள். இரண்டு பேர் ஒரு ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி இருவர் சொல்லையும் கேட்காது. வேடிக்கை பார்க்க மாமியார், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் வேண்டாம். கோபம் வருகிறது என்று தோன்றினால் அன்றைய பாடத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

9. வட்டம், பிறகு எட்டு. பத்து மீட்டர் அகல வட்டத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் சுருக்குங்கள். வலப்பக்கம் திரும்புவது பலருக்குக் கஷ்டம், ஏனென்றால் ஆக்சிலேட்டர் கை உடம்பை ஒட்டி மடங்குகிறது. அதனால் வலப்பக்கம் கூடுதலாகப் பழக்குங்கள். தலையைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி தானாக அங்கே போகும்.

லைசென்ஸ் தேர்வில் எட்டு போடச் சொல்வார்கள், கால் தரையில் படக் கூடாது. இரண்டு செங்கல்லை நட்டு அதைச் சுற்றிப் பழகலாம். குறுகிய எட்டில் ஆக்சிலேட்டரைத் திறந்து மூடித் திறந்து மூடினால் வண்டி குலுங்கும். கொஞ்சமாகத் திறந்து அப்படியே வைத்துக்கொண்டு, வேகத்தை இடது பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டுக் கட்டுப்படுத்துவதுதான் சுலபம்.

10. சாலைக்குப் போகும் முன் எல்எல்ஆர் கையில் இருக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும்; எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்ட வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுக்கொடுப்பவராகக் கூட உட்கார்ந்து வர வேண்டும், வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது விதி.

இதனால் ஒரு பாடம் கூடுகிறது. பின்னால் அறுபது, எழுபது கிலோ ஏறினால் வண்டியின் குணமே மாறிவிடும். புறப்படக் கூடுதல் ஆக்சிலேட்டர் வேண்டும், நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும், நின்றதும் சாயப் பார்க்கும். ஆகவே கோட்டில் நிற்பது, வட்டம் இரண்டையும் நீங்கள் பின்னால் உட்கார்ந்து மைதானத்திலேயே ஒரு முறை முழுதாகச் செய்துவிடுங்கள். உட்கார்ந்தால் அசையாமல் இருங்கள், அவர் தோளைப் பிடிக்காமல் பின் கம்பியைப் பிடியுங்கள்.

11. முதல் சாலை, ஊரை இணைக்கும் சின்னத் தார்ச் சாலையாக இருக்கட்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போய்த் திரும்பிவிடலாம். காஞ்சிபுரம் சாலையும், சாலவாக்கம் பக்கம் கல்குவாரி டிப்பர்கள் ஓடும் சாலையும் கடைசியில்தான். டிப்பர் உரசிக்கொண்டு தாண்டும்போது காற்று வண்டியை அசைக்கும், புதியவர் பயந்து ஓரம் ஒதுங்குவார். அங்கேதான் சிக்கல். நம் கிராமச் சாலைகளில் தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரல் உயர வித்தியாசம் இருக்கும். மண்ணில் இறங்கிவிட்டால் உடனே தாரில் ஏற முயலக் கூடாது. விளிம்பை உரசியபடி ஏறப் பார்த்தால் முன்சக்கரம் வழுக்கி வண்டி விழும். மண்ணிலேயே ஆக்சிலேட்டரை மூடி, நின்று, பின்னால் பார்த்து, நடை வேகத்தில் விளிம்புக்குக் குறுக்காக ஏற வேண்டும். இதை வண்டி வராத இடத்தில் வேண்டுமென்றே இறங்கி ஏறிப் பழக்குங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும். அதன்மேல் ஓடும் டயர் மணி உருண்டைகள் மேல் ஓடுவதுபோல வழுக்கும். நெல்லுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நெல்மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும்.

12. லைசென்ஸ் கைக்கு வரும்வரை பிள்ளையை முன்னால் நிற்கவைப்பதோ, தண்ணீர் கேனைக் காலடியில் வைப்பதோ வேண்டாம். ஆடும் கேன் காலைத் தட்டும். முன்னால் நிற்கும் குழந்தை பயந்தால் பிடிப்பது ஆக்சிலேட்டரைத்தான். தேர்வுக்குப் போகும்போது கற்றுக்கொண்ட அதே வண்டியைக் கொண்டுபோங்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். கியர் இல்லாத வண்டியில் எடுத்த லைசென்ஸ் கியர் பைக்குக்குச் செல்லாது. பின்னால் கியர் பைக்கும் ஓட்ட நினைத்தால் அதற்குத் தனியாக எல்எல்ஆர் எடுத்து, தேர்வும் கொடுக்க வேண்டும்.